பஞ்சுக்குப் பதினொரு சதவீதம்: ஓர் இறக்குமதி வரியின் இலாப நட்டக் கணக்கு

இறக்குமதி வரியை உயர்த்தினால் அதன் சுமை அயல்நாட்டு வணிகரின் தலையில் விழும் என்ற நம்பிக்கை மக்களிடமும் ஆட்சியாளர்களிடமும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஆனால், சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது அந்த வரியைச் சுங்கத்துறையிடம் கட்டுபவர் உள்நாட்டு இறக்குமதியாளரே ஆவார். உலகச் சந்தையின் விலையையே அசைக்கும் அளவுக்குப் பெருவாரியாகக் கொள்முதல் செய்யும் நாடாக இருந்தாலொழிய, அயல்நாட்டு விற்பனையாளர் தம் விலையைக் குறைத்து அந்த வரியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நம்மிடம் விற்காததை அதே விலைக்கு வேறொரு நாட்டில் அவர் விற்றுவிடுவார். ஆகவே, பெரும்பாலான வரி உயர்வுகள் ஒரு நாட்டுக்குள்ளேயே ஒரு சாராரின் பணத்தை மற்றொரு சாராருக்கு மாற்றும் ஏற்பாடுகளாகவே அமைகின்றன. அந்த மாற்றம் யாரிடமிருந்து தொடங்கி யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைக் காண, இந்தியாவில் 2021ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பஞ்சு இறக்குமதி வரியைப் போலப் பொருத்தமான சான்று வேறு கிடைப்பது அரிது. கொடுப்பவரும் பெறுபவரும் இங்கே ஒரே தொழில் சங்கிலியின் இரு முனைகளில் நிற்கிறார்கள்: ஒரு முனையில் விதர்ப்பாவின் மானாவாரி விவசாயி, மறுமுனையில் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலாளி.

2021 பிப்ரவரி 1 அன்று தாக்கல் செய்யப்பட்ட மத்திய நிதிநிலை அறிக்கை, அதுவரை சுங்க வரியின்றி வந்துகொண்டிருந்த பஞ்சின்மீது, விவசாயிகளின் நலனைக் காரணமாகக் கூறி, வரி விதித்தது. அடிப்படைச் சுங்க வரி 5 சதவீதம், வேளாண் உட்கட்டமைப்பு மற்றும் மேம்பாட்டுக்கான செஸ் 5 சதவீதம், இவ்விரண்டின் கூட்டுத்தொகையின்மீது பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படும் சமூக நலக் கூடுதல் வரி 1 சதவீதம் என மொத்தம் 11 சதவீதமாக அது அமைந்தது. இந்தப் பிரிவினை கணக்கியல் சார்ந்த சிறு விவரமன்று. அரசியலமைப்பின்படி செஸ்ஸும் கூடுதல் வரியும் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளப்படும் நிதித் தொகுப்பில் சேர்வதில்லை என்பதால், 11 சதவீதத்தில் 5 சதவீதத்தின் வருவாயில் மட்டுமே மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. பஞ்சை இறக்குமதி செய்யும் ஆலைகள் மிகுந்த தமிழ்நாடு இந்த வரியின் சுமையில் பெரும்பங்கை ஏற்கும்போது, அதன் வருவாயில் பாதிக்கும் மேலானது மாநிலங்களுக்குப் பங்கே இல்லாத கணக்கில் சேர்கிறது.

எனினும், இந்த வரியின் உண்மையான அளவு கருவூலக் கணக்கில் தெரிவதில்லை. வரி இறக்குமதியான பஞ்சுக்கு மட்டுமே வசூலிக்கப்படுகிறது. ஆனால் விலை உயர்வு, உள்நாட்டில் விளைந்து ஒருபோதும் துறைமுகத்தைப் பார்க்காத பஞ்சுக்கும் பரவுகிறது. இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பஞ்சு வணிகத்தின் விலை அலகு கேண்டி. ஒரு கேண்டி என்பது 356 கிலோ. அயல்நாட்டுப் பஞ்சு, வரிக்கு முன், ஒரு கேண்டி 55,000 ரூபாய்க்குத் தூத்துக்குடியில் வந்திறங்குவதாகக் கொள்வோம். 11 சதவீத வரி சேர்ந்தால் அதன் விலை 61,050 ரூபாய் ஆகும். நாட்டின் தேவை 100 கேண்டி என்றும், அதில் 88 கேண்டி உள்நாட்டில் விளைகிறது என்றும், எஞ்சிய 12 கேண்டியை வாங்காமல் ஆலைகளை ஓட்ட முடியாது என்றும் வைத்துக்கொண்டால், உள்நாட்டுப் பஞ்சை வைத்திருப்பவர் அதே தரத்துப் பஞ்சை 55,000 ரூபாய்க்கு விற்க முன்வர மாட்டார். 61,050 ரூபாயை நெருங்கும்வரை அவரால் விலையை உயர்த்த முடியும். அவ்வாறு முழுமையாக உயரும் நிலையில், அரசுக்கு 12 கேண்டியின்மீது 72,600 ரூபாய் கிடைக்கிறது. உள்நாட்டு விற்பனையாளர்களுக்கு 88 கேண்டியின்மீது 5,32,400 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து 6,05,000 ரூபாயை ஆலைகள் கொடுக்கின்றன. அரசு பெறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏழு ரூபாய்க்கு மேல், எந்த அரசுக் கணக்கிலும் பதிவாகாமல், வாங்குபவரிடமிருந்து விற்பவருக்குக் கைமாறுகிறது. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ மானியம் என்று ஒருபோதும் வாக்கெடுப்புக்கு வராத மானியம் இது.

இந்தக் கணக்கு எல்லா ஆண்டுகளிலும் இப்படியே பலிப்பதில்லை என்பதையும் கூற வேண்டும். ஒரு நாட்டில் ஒரு பொருள் தேவைக்கு மேல் விளைந்து, மிச்சம் ஏற்றுமதியாகிறது என்றால், உள்நாட்டு விலை உலக விலையை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்கும். அப்போது இறக்குமதி வரி எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது விலையைத் தாங்கிப் பிடிப்பதில்லை, ஏனெனில் அந்த மதிலைத் தாண்டிவர வேண்டிய தேவையே அயல்நாட்டுச் சரக்குக்கு இல்லை. 2021இல் வரி விதிக்கப்பட்டபோது இந்தியா பெருமளவில் பஞ்சை ஏற்றுமதி செய்யும் நாடாக இருந்தது. மிக நீண்ட இழைப் பஞ்சு போன்ற சில தரங்களைத் தவிர்த்து, வரியின் பிடி அப்போது தளர்வாகவே இருந்தது. பின்னர் விளைச்சல் படிப்படியாகக் குறைந்து, 2024-25 பருவத்தில் இறக்குமதி ஏற்றுமதியை விஞ்சியது. சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே அதே 11 சதவீதம் இறுகத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பின்னரே. ஒரு வரியின் விளைவை அதன் விகிதத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுவோர் தவறும் இடம் இதுதான். நாடு அந்தப் பொருளில் மிகை நாடா, பற்றாக்குறை நாடா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நூற்பாலையின் பக்கம் இந்த 11 சதவீதம் 11 சதவீதமாக நிற்பதில்லை. நூலின் விலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பஞ்சின் செலவு. எஞ்சிய ஒரு பங்கிலிருந்துதான் கூலி, மின்கட்டணம், வங்கி வட்டி, இயந்திரத் தேய்மானம் ஆகிய அனைத்தும் போய் இலாபம் வர வேண்டும். மேற்கண்ட விலையில் ஒரு கிலோ பஞ்சு வரிக்கு முன் சுமார் 154 ரூபாயும், வரிக்குப் பின் சுமார் 171 ரூபாயும் ஆகிறது. கழிவு போக ஒரு கிலோ நூலுக்கு 1.2 கிலோ பஞ்சு வேண்டும் என்று கொண்டால், பஞ்சின் செலவு சுமார் 185 ரூபாயிலிருந்து 205 ரூபாய்க்கு மேல் ஏறுகிறது. அந்த நூல் உலகச் சந்தையில் 290 ரூபாய்க்கு விற்குமானால், நூற்பவரின் உழைப்புக்கும் முதலீட்டுக்கும் எஞ்சும் தொகை 105 ரூபாயிலிருந்து 85 ரூபாய்க்குக் கீழே இறங்குகிறது. அதாவது, பஞ்சின்மீதான 11 சதவீத வரி, நூற்புத் தொழிலின் கூட்டு மதிப்பின்மீது ஏறத்தாழ 20 சதவீத வரியாக உருவெடுக்கிறது. ஒரு தொழிலின் விளைபொருளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பிலிருந்து அதன் மூலப்பொருளின்மீதான வரியின் தாக்கத்தைக் கழித்து, எஞ்சுவதைக் கூட்டு மதிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த அளவையைப் பொருளியலில் பயனுறு பாதுகாப்பு வீதம் என்பர். மேக்ஸ் கோர்டன், பேலா பலாசா முதலியோர் 1960களில் இதை வளர்த்தெடுத்தனர். மூலப்பொருளை இறக்குமதி செய்து பண்டத்தை ஏற்றுமதி செய்யும் தொழிலுக்கு இந்த வீதம் எதிர்மறையாகிவிடும்; அரசு அதைப் பாதுகாக்கவில்லை என்பதோடு நில்லாமல், தன் நாட்டுத் தொழிலுக்குத் தானே தண்டம் விதிக்கிறது என்பது அதன் பொருள். இறக்குமதிமீதான வரி இறுதியில் ஏற்றுமதிமீதான வரியாகவே வந்து முடியும் என்று 1936இல் ஆபா லெர்னர் நிறுவிய கோட்பாட்டின் ஒரு முகத்தைப் பஞ்சு நூலில் கண்கூடாகக் காணலாம்.

அந்தச் சுமையை ஆலை அடுத்தவர்மீது இறக்கிவைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. ஏற்றுமதியாகும் நூலில் அது இயலாது. வியட்நாமும் வங்கதேசமும் பஞ்சைச் சுங்க வரியின்றி வாங்கும்போது, இந்திய நூலுக்கு அதிக விலை தர வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. ஏற்றுமதியாளர்களுக்கென்று முன் அங்கீகாரத் திட்டம் ஒன்று உள்ளது. குறிப்பிட்ட காலத்துக்குள் பண்டமாக ஏற்றுமதி செய்வதாக உறுதியளிப்பவர், அதற்கான மூலப்பொருளை வரியின்றி இறக்குமதி செய்துகொள்ளலாம். பஞ்சு முதல் ஆடை வரை ஒரே நிறுவனத்தின் கூரையின்கீழ் செய்து முடிக்கும் பெரிய ஆலைகளுக்கு இது பயன்படுகிறது. திருப்பூரின் அமைப்போ வேறு. அங்கே நூலை ஒருவர் வாங்குகிறார். நிட்டிங், சாயமேற்றுதல், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என ஒவ்வொரு வேலையும் ஜாப் ஒர்க்காக வெவ்வேறு சிறு கூடங்களில் நடக்கிறது. மில்லிலிருந்தோ நூல் வணிகரிடமிருந்தோ சில நூறு கிலோ நூல் வாங்கும் சிறு உற்பத்தியாளரிடம் இறக்குமதிப் பத்திரமும் இல்லை, அந்த நூலின் விலைக்குள் எவ்வளவு சுங்க வரி மறைந்திருக்கிறது என்று காட்டும் ஆவணமும் இல்லை. ஏற்றுமதிக்குப் பின் திருப்பித் தரப்படும் டிராபேக் தொகை தொழில் முழுமைக்குமான சராசரி விகிதத்தில் கணக்கிடப்படுவதால், அவர் உண்மையில் சுமந்த பாரத்தோடு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. விலக்குகளோடு கூடிய வரி, ஒரே ஊரில் ஒரே டி-சர்ட்டைச் செய்யும் பெரிய நிறுவனத்தையும் சிறிய நிறுவனத்தையும் வெவ்வேறு விலைக்குப் பஞ்சு வாங்குபவர்களாக ஆக்கிவிடுகிறது. இந்த வரியின் விளைவுகளில் மிகவும் கவலைக்குரியதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுவே.

இனி, எவருடைய பெயரால் வரி விதிக்கப்பட்டதோ அந்த விவசாயியின் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர் விற்பது பஞ்சையன்று, விதையோடு கூடிய பருத்தியை. ஜின்னிங் ஆலையில் விதை நீக்கினால் ஒரு குவிண்டால் பருத்தியிலிருந்து சுமார் 34 கிலோ பஞ்சு கிடைக்கும். பஞ்சு விலை கிலோவுக்கு 17 ரூபாய் உயர்ந்து, அந்த உயர்வு முழுவதும் அவர் கைக்கு வருமானால், பருத்தி விலை குவிண்டாலுக்கு ஏறத்தாழ 580 ரூபாய் கூடும். ஐந்து ஏக்கரில் இருபத்தைந்து குவிண்டால் எடுக்கும் மானாவாரி விவசாயிக்கு இது ஒரு பருவத்தில் பதினான்காயிரம் ரூபாய்க்கு மேல். கடன் தவணையைக் கட்டவோ அடுத்த விதைப்புக்கு உரம் வாங்கவோ போதுமான தொகை. ஆகவே, வரியால் விவசாயிக்குப் பயனே இல்லை என்று ஆலைத்தரப்பு கூறுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால், அந்த உயர்வு முழுவதும் அவர் கைக்கு வருகிறதா என்பதைத் தீர்மானிப்பது நாட்காட்டி. பருத்தியின் பெரும்பகுதி அக்டோபர் முதல் பிப்ரவரி, மார்ச்சுக்குள் விவசாயியின் வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. அதை உலர வைத்துக் காத்திருக்கக் கிடங்கோ கையிருப்போ சிறு விவசாயியிடம் இல்லை. அதன்பின் ஏறும் விலையின் பயன் ஜின்னிங் ஆலைக்கும், வணிகருக்கும், முன்கூட்டியே இருப்பு வைத்த பெரிய மில்லுக்கும் போகிறது.

2022ஆம் ஆண்டு இதற்குச் சான்று. 2021 தொடக்கத்தில் கேண்டி ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்த பஞ்சு விலை, 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நூல் விலை உயர்வைக் கண்டித்து அந்த மே 16, 17 ஆகிய நாட்களில் திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரல் 14 முதல், மத்திய அரசு வரியை விலக்கியிருந்தது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. வரி நீங்கியும் விலை இறங்கவில்லை. காரணம், இரு மடங்கான விலையில் வரியின் பங்கு 11 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது. எஞ்சியது உலக விலையின் ஏற்றமும் உள்நாட்டு விளைச்சலின் குறைவும். அதோடு, ஒப்பந்தமிட்ட பஞ்சு கப்பலேறி, கடல் கடந்து, ஆலையை அடைய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். வரி உயரும்போது கையிலுள்ள சரக்குக்கு அன்றே விலை ஏறிவிடுகிறது. வரி குறையும்போது புதிய சரக்கு வரும்வரை விலை இறங்கக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. செப்டம்பர் வரை என்றும் பின்னர் அக்டோபர் வரை என்றும் நீண்ட அந்த விலக்கு, விவசாயிக்குப் பெரிய தீங்கும் செய்யவில்லை, ஆலைக்கு உரிய நேரத்தில் உதவவும் இல்லை.

2025இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. இந்தியப் பொருட்கள்மீது அமெரிக்கா விதித்த வரி ஆகஸ்ட் 27 அன்று 50 சதவீதமாக உயர்ந்தது. திருப்பூரின் மிகப்பெரிய சந்தைகளில் ஒன்று ஏறத்தாழ அடைபட்டது. அந்த அடியைத் தாங்குவதற்கென ஆகஸ்ட் 19 முதல் செப்டம்பர் 30 வரை பஞ்சு வரிக்கு விலக்கு அளித்த மத்திய அரசு, ஆகஸ்ட் 28 அன்று அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. இந்த முறை விலக்குக் காலம் அறுவடைக் காலத்தோடு பொருந்திவந்தது. அமெரிக்க வரியின் ஒரு பகுதியை அமெரிக்க நுகர்வோர் ஏற்றிருக்கலாம், ஒரு பகுதியைத் திருப்பூர் உற்பத்தியாளர் தள்ளுபடியாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் மற்றொரு பகுதியை, அமெரிக்காவுக்கு எதையும் விற்றிராத பருத்தி விவசாயியின் தோளில் ஏற்றியது நம் நாட்டின் முடிவே.

குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கும்போது விவசாயிக்கு இழப்பு ஏது என்று கேட்கப்படலாம். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும் நீண்ட இழைக்கு 8,110 ரூபாயும் ஆதரவு விலையாக அறிவிக்கப்பட்டிருந்தன. சந்தை விலை அதற்குக் கீழே போனால் இந்தியப் பருத்திக் கழகம் கொள்முதல் செய்யும். கழகத்தின் வாசல்வரை செல்ல முடிந்தவருக்கு வரி விலக்கால் நேரடி இழப்பு இல்லை. அவர் பெறும் விலைக்கும் சந்தை விலைக்கும் இடையே விரியும் இடைவெளியைப் பொதுப்பணம் நிரப்புகிறது. ஆனால் அந்த வாசலுக்கு நிபந்தனைகள் உள்ளன. பருத்தியில் ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் பிடித்தம். 12 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலே இல்லை. மழை பிந்திப் பெய்த ஆண்டில் முதல் பறிப்பின் பருத்தி இந்த எல்லைக்குள் வருவது கடினம். நில ஆவணத்தின் பேரில் முன்பதிவு செய்ய வேண்டியிருப்பதால், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவர் வரிசையில் நிற்கவே தகுதி பெறுவதில்லை. இவர்கள் ஊர் வியாபாரியிடம் விற்கிறார்கள். அந்த வியாபாரி துறைமுக விலையைக் கணக்கிட்டே கொள்முதல் விலை சொல்கிறார். வரி விலக்கின் முழு அடியும் விழுவது விவசாயிகளில் இந்த மிக நலிந்த பிரிவினர்மீதுதான்.

சிறு குழுவின் ஒவ்வொருவருக்கும் பெரிய இலாபமும், பெருங்கூட்டத்தின் ஒவ்வொருவருக்கும் சிறிய நட்டமும் தரும் கொள்கையே அரசியலில் எளிதில் வெல்லும் என்று மன்சர் ஓல்சன் 1965இல் வெளியிட்ட கூட்டுச் செயல்பாடு குறித்த நூல் விளக்கியது. பஞ்சு வரியில் அதற்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஆலைகளுக்குச் சங்கங்கள் உள்ளன, ஏற்றுமதியாளர்களுக்குச் சங்கங்கள் உள்ளன, விவசாயிகளுக்கு வாக்கு எண்ணிக்கை உள்ளது. ஆகவே வரி ஒரு பருவம் ஏறுவதும் மறு பருவம் இறங்குவதுமாக இருக்கிறது. விசைத்தறிக் கூலித் தொழிலாளியும், பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணும், பருத்தி பறிக்கும் நிலமற்ற கூலியாளும், வேட்டியும் பனியனும் வாங்கும் குடும்பமும் இந்தப் பேச்சுவார்த்தையில் எங்கும் இடம்பெறுவதில்லை. வரி ஏறும்போது ஆர்டர் குறைந்து முதலில் வேலை இழப்பவர் தைப்பவர். வரி இறங்கிப் பருத்தி விலை சரியும்போது கூலி குறைவது பறிப்பவருக்கு.

மூலப்பொருளின் விலையை உயர்த்தி விவசாயியைக் காப்பது, அவருக்குப் போய்ச் சேரும் தொகைக்காகத் தொழில் முழுவதன் விலைக் கட்டமைப்பையும் திரிக்கும் கருவி என்பதால், அது ஏற்கத்தக்கதன்று. ஆதரவு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பயிரிடுபவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தினால், அதன் செலவு ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் வெளிப்படையாகத் தெரியும். பஞ்சும் உலக விலைக்குக் கிடைக்கும். ஆனால் அந்த ஏற்பாட்டை, குத்தகை விவசாயியும் அதில் சேரும் வகையில், நிறுவாமலே வரியை மட்டும் நீக்குவது, அதைவிட அநீதியானது. சுங்கச் சட்டம், 1962இன் 25ஆம் பிரிவு, நாடாளுமன்றத்தின் முன்அனுமதியின்றி ஓர் அறிவிக்கை மூலமே வரி விலக்கு அளிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், அன்றைய தேதியில் விற்கப்படாத பருத்தி எவ்வளவு விவசாயிகளிடம் உள்ளது, எவ்வளவு வணிகர்களிடமும் ஆலைகளிடமும் உள்ளது என்ற மதிப்பீட்டை அறிவிக்கையோடு சேர்த்து அரசு வெளியிட வேண்டும். பருத்தி விவசாயிகளிடம் இருக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் வரியைத் தொடக்கூடாது என்பதையும் விதியாக்க வேண்டும்.